மூணு தடவை அக்காவின் பதில் கடிதம்

தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் 'மூணு தடவை அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாகத் தொடங்கிய பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. இரும்போ சுண்ணாம்போ அளவுக்கு மேல் இருப்பதாகக் காட்டினால், அதே தண்ணீரை இன்னும் இரண்டு முறை சோதித்துப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டாள். "ஊர் குடிக்கிற தண்ணியப் பத்தி சும்மா வாய்க்கு வந்தத சொல்லிட முடியுமா?" என்பாள்.

அந்தக் கூடத்தை நினைத்தாலே அவளுக்கு நெஞ்சு இளகும். கிழக்கு ஜன்னல் ஓரம் நீள மேசை. அதன் மேல் சீட்டு ஒட்டிய பாட்டில்கள் வரிசையாக நிற்கும். பதினோரு மணிக்கு வெயில் அவற்றின் மேல் விழும்போது எல்லாத் தண்ணீரும் ஒரே மாதிரி நல்லதாகத்தான் தெரியும். கைப்பிடி உடைந்த கோப்பையில் டீ வரும். பதினாறு வருஷமாக அங்கே இருந்தாள், அதில் கடைசி ஏழு வருஷம் கூடத்தின் பொறுப்பாளராக. பிறந்த வீட்டில்கூட அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை என்று சொல்வாள்.

அப்படிப்பட்டவள் ஏன் வேலையை விட்டாள் என்று கேட்டால், ஆசைதான் காரணம். குளிர்பானம் தயாரிக்கும் பெரிய நிறுவனம் ஒன்றுக்காக ஆள் தேடிக் கொடுக்கும் ஏஜென்சியிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். குரலில் தேன் ஒழுகும். 'ஆய்வகத் தலைவர்' என்று பதவி, கீழே ஆறு பேர், புத்தம் புதுக் கருவிகள். கடிதம் வந்தது. ஒரு வரி விடாமல் படித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். மறுநாளே பழைய இடத்தில் ராஜினாமாவையும் கொடுத்துவிட்டாள். ஒரு மாதம் கழித்துப் போகலாம் என்றார் மேலாளர். அவள் இடத்துக்கு யார் என்று அவர் கேட்டபோது, தனக்குக் கீழே வேலை பழகிய சின்னவளையே கைகாட்டினாள். வயதில் பத்து வருஷம் இளையவள், ஆனால் கை சுத்தம், கண் கூர்மை.

பன்னிரண்டு நாள் கழிந்து ஒரு திங்கட்கிழமை காலை இன்னொரு கடிதம் மின்னஞ்சலில் வந்தது. 'சிறு திருத்தம்' என்று மேலே போட்டிருந்தது. சம்பளம் அதேதான். பதவி மட்டும் 'வாடிக்கையாளர் தரச் சேவை ஒருங்கிணைப்பாளர்' ஆகியிருந்தது. வேலை என்ற இடத்தில் புகார்த் தொலைபேசிகளுக்குப் பதில் சொல்வது, கடைகளுக்குப் போய்ப் புகார் வந்த பாட்டில்களை வாங்கி வருவது என்று இருந்தது. ஆய்வகம் என்ற சொல்லே மருந்துக்கும் இல்லை. இரண்டு நாளில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுமாம்.

வேறு யாராவதாக இருந்தால் அப்போதே மேலாளர் அறைக்கு ஓடி, "என் ராஜினாமாவைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்" என்று கேட்டிருப்பார்கள். இவள் கேட்கவில்லை. கெட்ட முடிவை மூன்று முறை பார்க்காமல் வெளியே சொல்லிப் பழக்கமில்லையே. ஏஜென்சிப் பையனுக்குப் போன் போட்டாள்.

"டைப்பிங்ல தப்பா இருக்கும் மேடம். நான் பார்த்துச் சொல்றேன்" என்றான் திங்களன்று.

"பேருதான் மேடம் மாறுது, வேலை அதேதான். நீங்க கவலையே படாதீங்க" என்றான் செவ்வாயன்று.

புதன்கிழமை சுருதியே மாறியது. "முதல்ல சேர்ந்துடுங்க மேடம். ஆறு மாசத்துல லேபுக்கு மாத்திக்கலாம். இப்ப கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்க, அவங்க அவசரப்படுறாங்க."

"தம்பி, நீங்க சொல்றத ஒரு வரி எழுதி அனுப்புங்களேன்."

"எழுத்துல எல்லாம் வேணுமா மேடம்? நம்பிக்கைதானே எல்லாம்."

போனை வைத்தாள். ஒரே தண்ணீர் மூன்று முறையும் மூன்று விதமாகக் காட்டினால் கருவியை நம்பக் கூடாது. இது அவளுக்குத் தெரியாத பாடமா? ஆனால் அதைத் தெரிந்துகொள்ள மூன்று நாள் போய்விட்டது. அன்று மாலை மேலாளர் அறைக்குப் போனபோது, சின்னவளின் பதவி உயர்வு ஆணையில் மதியமே கையெழுத்தாகியிருந்தது.

"திங்கக்கிழமை வந்திருந்தா ராஜினாமாவ அப்படியே கிழிச்சுப் போட்டிருப்பேனேம்மா" என்றார் மேலாளர். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் அவளை இன்னும் வாட்டியது.

அவள் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். கதையைக் கேட்டுவிட்டு, "சம்பளம் அதேதானே, போய்ச் சேரு" என்றார் முதலில். அவள் புதுக் கடிதத்தைப் படித்துக் காட்டியதும், "என்னை மெக்கானிக்குன்னு கூப்பிட்டு டிக்கெட் கிழிக்கச் சொன்னா நானும் போக மாட்டேன்தான்" என்று தானே திருத்திக்கொண்டார்.

மறுநாள் உணவு இடைவேளையில் அந்த நீள மேசையிலேயே உட்கார்ந்து பதில் எழுதினாள். திட்டவில்லை, அழவில்லை. பையனுக்கு மட்டும் அனுப்பாமல், முதல் கடிதத்தில் கையெழுத்திட்டிருந்த நிறுவனத்து அதிகாரிக்கும் சேர்த்து அனுப்பினாள்.

'நான் கையெழுத்திட்ட கடிதத்தில் பதவி ஆய்வகத் தலைவர், வேலை பரிசோதனையும் ஆறு பேரின் மேற்பார்வையும். திங்கட்கிழமை வந்த கடிதத்தில் இரண்டுமே வேறாக உள்ளன. இரண்டு கடிதங்களையும் இணைத்துள்ளேன். முதல் கடிதத்தை நம்பியே என் வேலையை ராஜினாமா செய்தேன். எது செல்லும் என்பதை வெள்ளிக்கிழமை மாலைக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். அதுவரை புதிய கடிதத்தை நான் ஏற்றுக்கொண்டதாகக் கருத வேண்டாம்.'

பையன் உடனே போன் செய்தான். "அவங்களுக்கு ஏன் மேடம் அனுப்பினீங்க?" என்று பதறினான். எழுத்தில் பதில் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அந்த அதிகாரியிடமிருந்தே பதில் வந்தது. ஆய்வகத்தை வேறொரு கிளையோடு சேர்த்துவிட்டார்கள், தலைவர் பதவியே இப்போது இல்லை. இதை உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும், இரண்டாவது கடிதம்தான் செல்லும். குறைந்தபட்சம் பூசி மெழுகவில்லை. அவளும் இரண்டே வரியில் நன்றி சொல்லி, தன் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். அனுப்பிய பிறகு கழிவறைக்குப் போய் ஐந்து நிமிடம் அழுதாள். பொத்திவைத்திருந்ததை எல்லாம் விட்டுக் கையில் ஒன்றுமில்லாமல் நின்றால் யாருக்குத்தான் அழுகை வராது?

முகம் கழுவிவிட்டு நேராக மேலாளரிடம் போனாள்.

"பொறுப்பாளர் இடம் போயிடுச்சும்மா. சின்னவ விட்டுட்டு வந்த பரிசோதகர் இடம் ஒண்ணு இருக்கு. சம்பளம் குறையும். அவளுக்குக் கீழதான் இருக்கணும். இத முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் சங்கடப்படக் கூடாது" என்றார்.

"எழுதிக் குடுங்க சார்" என்றாள்.

பெரிய பதவிக்காகப் போனவள் சின்னப் பதவிக்குத் திரும்பி வந்தாளே என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். அவளுக்கு அது உறைக்கவே இல்லை. சொன்ன வேலையும் செய்யும் வேலையும் ஒன்றாக இருந்தால் போதும் என்று இருந்தது.

புதிய ஆணையைப் பொறுப்பாளர்தான் நேரில் கொடுக்க வேண்டும். சின்னவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, இது எனக்குக் கூச்சமா இருக்கு. பேருக்கு இப்படி இருக்கட்டும். வழக்கம்போல நீங்களே எல்லாத்தையும் பாத்துக்கோங்க, நான் சொன்னபடி செய்யறேன்."

மூணு தடவை அக்கா ஆணையை வாங்கிப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். மூன்றாம் முறையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"அதெல்லாம் கூடாதும்மா. எழுதினது ஒண்ணு, நடக்கிறது ஒண்ணுன்னா எனக்கு ஆகாது. நீ உக்காரு. எனக்கு என்ன வேலைன்னு சொல்லு."