வாயை மூடிக்கொண்டு பாடம் நடத்துவது

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பாகூர் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தற்காலிக அறிவியல் ஆசிரியன். நாற்பது வயதில் 'தற்காலிகம்' என்று அழைக்கப்படுவதில் ஒரு தத்துவ அழகு உண்டு. சம்பள நாளில்தான் அது தெரியாது. வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் பி.எட். வேண்டும். வேலை நிரந்தரமானால்தான் காரைக்காலுக்கு மாற்றல் கேட்கலாம். காரைக்கால் அரசு மருத்துவமனையில் என் மனைவி நர்ஸ். மாதத்துக்கு ஒரு முறை அவள் வருவாள், அல்லது நான் போவேன். இரண்டு பஸ் மாறி, உடம்பெல்லாம் புழுதியோடு வந்து சேர்ந்தவர் குளித்து முடிப்பதற்குள் பாதி விடுமுறை போய்விடும்.

ஆகவே நாற்பதாவது வயதில் அஞ்சல் வழியில் பி.எட். சேர்ந்தேன். அதில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். ஒரே பாடத்தை ஒரு பிரிவுக்கு நேரடியாக விளக்கியும், இன்னொரு பிரிவுக்கு மாணவர்களே ஆராய்ந்து கண்டுபிடிக்கும்படி விட்டும் நடத்தி, இரண்டையும் ஒப்பிட்டு, நம் அனுபவத்தை அலச வேண்டும். நான் எடுத்தது ஒன்பதாம் வகுப்பு, தனி ஊசல்.

'அ' பிரிவுக்கு காலையில் விளக்கம். ஊசல் ஒரு முறை போய்வர ஆகும் நேரம் நூலின் நீளத்தைப் பொறுத்தது, குண்டின் எடையைப் பொறுத்ததல்ல என்று சொல்லி, கரும்பலகையில் படம் போட்டு, இடையில் இரண்டு நகைச்சுவையும் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மணி அடிக்கும்போது எல்லார் நோட்டிலும் ஒரே வாக்கியம் இருந்தது.

'ஆ' பிரிவுக்கு மதியம் கண்டறி முறை. நூல், பல அளவில் கற்கள், என் கைக்கடிகாரம். "எது மாறினா ஊசல் வேகமா ஆடும்? நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதுதான் முறை. பி.எட். பாடப்புத்தகத்தில் ஆசிரியர் 'வழிகாட்டி' என்று போட்டிருந்தது. சொந்தக்காரர் யாரும் கண்டுகொள்ளாத கல்யாண வீட்டு விருந்தாளி மாதிரி ஓரமாக நின்றேன்.

"டேய், பெரிய கல்லுதான்டா சீக்கிரம் போவுது!"

"போடா, நீ தப்பா எண்ணுற."

"சார் வாட்ச்ச நீயே வெச்சிக்கிட்டு எங்கள சொல்றியா?"

தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார். "இன்னா சார், கிளாஸா, வாரச் சந்தையா?"

"கண்டறி முறை, சார்."

"கண்டுபுடிச்சிட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"கண்டுபுடிச்சா சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் கண்டுபிடித்தார்கள், தப்பாக. பெரிய கல்லைக் கட்ட நூலை இரண்டு சுற்று சுற்றியிருந்தார்கள். தொங்கும் நூல் குட்டையாகிவிட்டது. அதனால்தான் ஊசல் வேகமாக ஆடியது. எடையை மாற்றும்போது நீளமும் சேர்ந்து மாறியதை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். சொல்லத் துடித்தேன். மணி அடித்துவிட்டது. ஒரு வகுப்பே இயற்பியலுக்கு எதிரான முடிவோடு வீட்டுக்குப் போனது.

மறுநாள் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "கல்லை மாத்தினப்ப வேற எதுனா மாறிச்சா?" நூலை அளந்தார்கள், திட்டிக்கொண்டார்கள், நீளத்தைச் சமமாக்கி மறுபடி ஆட்டினார்கள். சரியான முடிவு வந்தது. ஆனால் ஒரு பீரியடு பாடத்துக்கு இரண்டு ஆகிவிட்டது.

பிறகு இரு பிரிவுக்கும் ஒரே தேர்வு. விதியை எழுதச் சொன்னதில் 'அ' பிரிவு முந்தியது. புதிதாக ஒரு சோதனையைக் கொடுத்து, இதில் என்ன தவறு என்று கேட்டதில் 'ஆ' பிரிவு முந்தியது. காலை வகுப்பையும் சோற்றுக்குப் பிந்திய வகுப்பையும் ஒப்பிடுவது நியாயமா என்ற சந்தேகத்தையும் நேர்மையாகச் சேர்த்து எழுதினேன். இதற்குமேல் ஒரு பல்கலைக்கழகத்துக்கு என்ன வேண்டும்?

அஞ்சல் வழி மாணவர்களுக்காகப் புதுச்சேரியில் நடந்த நேரடித் தொடர்பு வகுப்பில் பேராசிரியை கட்டுரையைத் திருப்பித் தந்தார். "ரெண்டு முறையையும் நல்லா எடை போட்டிருக்கீங்க. எனக்கு விளக்க முறைதான் பிடிக்கும்னு முடிச்சிருக்கீங்க. ஏன் பிடிக்கும்? அது எங்கயும் இல்லையே. அடுத்த மாசத்துக்குள்ள எழுதிக் கொடுங்க, இல்லன்னா தேர்ச்சி போட முடியாது."

நேரம் மிச்சமாகிறது என்று எழுதினேன். அடித்தேன். பாடத்திட்டம் முடிகிறது என்று எழுதினேன். அதையும் அடித்தேன்.

நான் குடியிருந்தது பாகூர் கடைத்தெருவில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே. ஒரு மாலை, மறுநாள் பாடத்தை அறையில் நடந்துகொண்டே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து கடைக்கார பாய் இரண்டு டீ கொடுத்தனுப்பினார். பிறகு அவரே படியேறி எட்டிப் பார்த்தார்.

"யாரோ விருந்தாளி வந்துகிறாங்கன்னு நெனச்சேன் சார். பேச்சு சத்தம் கேட்டுச்சு."

"இப்பதான் போனாங்க, பாய்."

அவர் படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இறங்கிவிட்டார். இரண்டு டீயையும் நானே குடித்தேன். அப்போதுதான் உறைத்தது. பள்ளி விட்டால் மறுநாள் காலை மணி அடிக்கும்வரை எனக்குப் பேச ஆள் கிடையாது. விளக்க முறை எனக்குக் கற்பித்தல் முறையே அல்ல. அந்த ஊரில் எனக்கிருந்த ஒரே பேச்சுத் துணை அது. பிள்ளைகள் பாவம், எழுந்து போகவும் முடியாது.

இதை எழுதினேன். அந்தச் சனிக்கிழமை மனைவி வந்தாள். கட்டுரையை முழுக்க வாசித்துக் காட்டினேன். பிறகு அதை விளக்கினேன். தலைமையாசிரியர், பெரிய கல், பாய், எல்லாம் வந்தன. அவள் சாப்பிட்டு, தட்டைக் கழுவி, துணி மடித்து முடித்தாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லாதான் இருக்கு" என்றாள். "நான் வந்து இம்மா நேரம் ஆவுது. என்னப் பத்தி ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேக்கணும்னுதான்..."

"வேணாம், விடுங்க. கிளாஸ் எடுங்க."

கட்டுரையை மூடி வைத்துவிட்டு, "அங்க எப்படி இருக்கே?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு எதிரில் மூடியிருப்பதைவிட இது கஷ்டம். "சாப்பாடெல்லாம் சரியா இருக்கா?" என்று நானே பதிலை எடுத்துக்கொடுக்க நாக்கு வரை வந்தது. விழுங்கினேன். அவள் மடித்த புடவையையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"மொதல்ல எல்லாம் டூட்டி முடிஞ்சி வந்தா அழுவேன்" என்றாள். "யாரும் கேக்கல, நானும் சொல்லல. இப்ப அழுவுறது இல்ல. கூட இருக்கிற பொண்ணுங்களோட சமைச்சி சாப்புடுறோம், சிரிக்கிறோம். பழகிப் போச்சு. நீங்க இல்லாம பழகிப் போச்சு. அதான் பயமா இருக்கு."

இந்தப் பதிலுக்கு நான் தயாராக இல்லை. கீழே கடையில் பாய் பலகைகளை அடுக்கி மூடும் சத்தம் கேட்டது.

கட்டுரையில் ஒரு பத்தி சேர்த்தேன். கேள்வி கேட்ட பின் காத்திருப்பதுதான் கண்டறி முறையில் கடினமான பகுதி. நாம் எதிர்பார்க்கும் பதிலை எடுத்துக்கொடுத்துவிட்டால் மாணவர் உண்மையில் நினைப்பது நமக்குத் தெரியாமலே போய்விடும் என்று எழுதினேன். பேராசிரியை அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது எந்த வகுப்புல நடந்தது? குறிப்பிடலையே?"

"வகுப்புல இல்லீங்க மேடம்."

அவர் காத்திருந்தார். நல்ல ஆசிரியை. நான் மேற்கொண்டு சொல்லவில்லை. தேர்ச்சி போட்டார்.

பட்டம் வந்து, பிறகு நிரந்தர ஆணையும் வந்த அன்றே மாற்றல் விண்ணப்பத்தை எழுதிவிட உட்கார்ந்தேன். பாதியில் நிறுத்தி, காரைக்காலுக்கு ஒரு கார்டு போட்டேன். என் வழக்கப்படி நான்கு பக்கக் கடிதம் இல்லை. அதில் இரண்டே சொல்: 'நான் வரட்டுமா?' அடுத்த பஸ் ஏறிப் போய்க் காரணங்களை விளக்காமல் இருந்தது நான் அறிய என் ஒரே சாதனை. தபால்காரர் மூன்று வாரம் என் படியைத் தாண்டித் தாண்டிப் போனார். அப்புறம் ஒரு நாள் நின்றார்.

'ஒரு மாசம் லீவு போட்டுட்டு வாங்க. மாத்தல அப்புறம் கேக்கலாம். கூட இருந்து பாப்போம்' என்று எழுதியிருந்தாள்.

லீவுக்கு எழுதிப் போட்டேன்.