எடிட்டர் அடக்கிய புயல்

வீடியோ எடிட்டர் ஒரு புயலையே அடக்கிவிட்டாள் என்று ஸ்டூடியோவில் பேச்சு. விசாரித்தால், உண்மைதான். படகுச் சவாரியில் புது போனை ஏரிக்குள் தவறவிட்ட அவளுடைய அக்கா கணவர், “புயல்ல தப்பிச்சதே பெருசு” என்று மனைவியிடம் அளந்திருந்தார். சாட்சிக்கு, நெஞ்சில் கோணலாக மாட்டிய ஆக்‌ஷன் கேமரா எடுத்த வீடியோ. “கொஞ்சம் பளிச்சுனு பண்ணும்மா” என்று அதை இவளிடம் கொடுத்தார்.

இவள் கை சும்மா இருக்குமா? லென்ஸால் காட்சியில் விழுந்த வளைவை நீக்கினாள். குன்றுபோல் புடைத்திருந்த நீர்க்கோடு நேரானது. சாய்வை நிமிர்த்தி, மூலைகளில் தெரிந்த கறுப்பை வெட்டினாள். ஏரி தட்டில் ஊற்றிய தண்ணீராய்க் கிடந்தது.

“மாமா, புயல் எங்க?”

“தாயே, பழையபடியே குடுத்துடு. உங்க அக்கா பார்த்தா நான் காலி. ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்.”

கோணலையே கொடுத்தாள். அக்கா நம்பிவிட்டாள். நேரான பிரதி இவளிடம் பத்திரம். ஐஸ்கிரீம்தான் இன்னும் வரவில்லை.