திங்கட்கிழமை ரத்தம்

அக்காவுக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைக்கும் வேலை. முழுச் சட்டை ஒன்றைத் தைத்துப் பல வருடம் ஆகிவிட்டது. மிஷின் இரைச்சலில் யாரும் அவளிடம் வீட்டு விசேஷம் கேட்க முடியாது. அது அவளுக்கு வசதியாக இருந்தது.

வீட்டில் தம்பி மட்டும். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வைண்டிங் வேலை செய்தவன். அவன் கை பட்டால் கருகிய மோட்டாரும் ஓடும் என்பார்கள். ஒரு நாள் கம்பிகளுக்குள்ளிருந்து ஆட்கள் தன்னைத் திட்டுவதாகச் சொன்னான். பிறகு வீட்டு வயரை எல்லாம் சுவரோடு பிய்த்தெடுத்தான். மனச்சிதைவு நோய் என்றார்கள். ஒரு மருந்தை முழு அளவில் வாரக்கணக்காகக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்புறம் வேறொன்று. குரல்கள் நகரவில்லை.

"மத்த மருந்துக்குக் கேக்காதவங்களுக்கு க்ளோசபின்னு ஒண்ணு இருக்கு," என்றார் டாக்டர். "ஆனா ரத்தம் பாத்துக்கிட்டேதான் கொடுக்கணும்."

ஏன் என்பதை நர்ஸ் விளக்கினார். "கிருமியோட சண்டை போடுற வெள்ளை அணு சில பேருக்கு இந்த மருந்தால சுத்தமா இறங்கிடும். நூத்துல ஒருத்தருக்குக்கூட வராது. வந்தா வெளியே தெரியாது, அதான் ஆபத்து. அதனால முதல் சில மாசம் வாராவாரம் ரத்தம். எண்ணிக்கை சரியா இருந்தாத்தான் அடுத்த வார மாத்திரை."

"நான் என்ன பாக்கணும்?"

"காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் எது வந்தாலும் அன்னிக்கே கூட்டிட்டு வாங்க. நெஞ்சு வலி, மூச்சு வாங்குறது, படபடப்புன்னாலும் அப்படித்தான். மலச்சிக்கல சாதாரணமா விட்டுடாதீங்க, குடல் அடைச்சு உயிரே போயிருக்கு. மாத்திரை ரெண்டு நாள் விட்டுப்போனா, நீங்களா பழைய அளவுல ஆரம்பிக்கக் கூடாது, எங்ககிட்ட கேளுங்க."

அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். அவன் பகலெல்லாம் தூங்கினான். எச்சில் வடிந்து தலையணை நனைந்தது. அக்கா உறையை மாற்றினாள். காலையில் எழுந்ததும் முதல் பேச்சு, "வெளிக்குப் போனியா?"

மூன்றாவது மாதம் ஒரு காலை அவன் பதில் சொன்னான். "போனேன். ரசீது வேணுமா?"

அவள் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். அவன் கேலி பேசி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. குரல்கள் தூரத்தில் போய்விட்டன, பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி என்றான். பழுதான மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தான்.

அந்த வாரமும் திங்கட்கிழமை ரத்தம் எடுத்தார்கள், எண்ணிக்கை சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை அவன் எச்சில் விழுங்கும்போது முகம் சுளித்தான். நெற்றி சுட்டது.

"சளிதான் அக்கா. திங்கக்கிழமைதான பாத்தாங்க, நல்லாத்தான இருந்துச்சு."

"போய்ப் பாத்துட்டு வந்துடுவோம்."

"போனா மருந்த நிறுத்திடுவாங்க." சட்டையைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தான். "அவனுங்க திரும்ப வந்துடுவானுங்க. ஒரு நாள் பொறு அக்கா. காலையில சரியாயிடும்."

மருந்து நின்றால் குரல்கள் திரும்பிவிடும் என்று அவளுக்கும் தெரிந்தது. அவள் சட்டையை வாங்கி அவனுக்கு மாட்டிப் பட்டன் போட்டாள். அவன் தடுக்கவில்லை.

அவசரப் பிரிவில், அவன் என்ன மருந்து சாப்பிடுகிறான் என்பதை முதலில் சொன்னாள். ரத்த முடிவு வந்ததும் நர்ஸின் நடை வேகமானது. வெள்ளை அணுவில் முக்கியமான வகை ஏறக்குறைய இல்லை.

"திங்கக்கிழமை நல்லா இருந்துச்சே," என்றாள் அக்கா.

"அது திங்கக்கிழமை நிலவரம்மா. காய்ச்சல் வந்தா புதுசாப் பாக்கணும். நாளைக்குக் கூட்டிட்டு வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாது."

க்ளோசபினை உடனே நிறுத்தினார்கள். தனி அறை, நரம்பில் ஆன்டிபயாட்டிக், வெள்ளை அணுவை ஏற்ற ஊசி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அக்கா முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பசித்தது, பன் வாங்கித் தின்றாள்.

காய்ச்சல் இறங்கியது. அணுக்கள் மெல்ல ஏறின. அவன் வீட்டுக்கு வருவதற்கு முன்பே குரல்கள் வந்துவிட்டன.

"அதே மருந்த மறுபடி கொடுக்க முடியாதா டாக்டர்?"

"இப்படி ஒரு தடவ இறங்கின பிறகு கொடுக்கிறது ரொம்ப ஆபத்து. வேற வழி பாக்கலாம். ஆனா அதே அளவுக்குக் கேக்கும்னு சொல்ல மாட்டேன்."

வேலையில் பக்கத்து மிஷின்காரி தோளைத் தொட்டு, "உசுரக் காப்பாத்திட்ட, விடு," என்றாள். அக்கா தலையாட்டினாள்.

இப்போது வேறு இரண்டு மருந்துகள். சில நாள் நன்றாகச் சாப்பிடுகிறான். சில நாள் சுவரைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு, யாருக்கோ பதில் சொல்கிறான்.

ஒரு மாலை அவள் வேலை முடிந்து வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவன் திரும்பாமலே கேட்டான்.

"அன்னைக்கு ஏன் கூட்டிட்டுப் போன?"

அவளுக்குக் கால் வலித்தது.

"கொஞ்சம் நகந்து படு," என்றாள்.

அவன் நகர்ந்தான். அவள் பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.