ஆறாவது கட்டத்தில் இரண்டு சிப்பாய்கள்

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஊட்டி மார்க்கெட்டில் மாமாவின் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டைக்குச் சீட்டு எழுதுவேன். ஆள் வராத நேரத்தில் மூட்டை மேல் பலகையை விரித்துச் செஸ் ஆடுவேன். மார்க்கெட்டில் என்னை ஜெயிக்க ஆள் இல்லை. அதனால் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. எதிரில் ஆடுகிறவர் யோசித்தால், "ஏனுங்க, தூங்கிட்டீங்களா, டீ சொல்லட்டுங்களா?" என்பேன். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே நான் ஆடினேன் என்று இப்போது தோன்றுகிறது.

மாவட்டப் போட்டி எங்கள் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கும். நடத்துகிற சார் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட். நல்ல மனுஷர், ஆனால் ஆட்டம் சுமார்தான். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கூடலூர்க்காரர்களுக்குச் சாயந்திரம் பஸ்ஸை விட்டால் வேறு வழி இல்லை. அதனால் கடைசி நாள் நாலே முக்காலுக்கு எல்லா ஆட்டமும் நிற்க வேண்டும். முடியாத ஆட்டம் இருந்தால், தன் ஆட்டத்தை முடித்த நல்ல ஆட்டக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுத் தீர்ப்புக் கேட்பார் சார். ஆடினவர்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் முடிந்தது.

அந்த வருஷம் தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டது என்னை.

ஒரே ஒரு பலகைதான் மிச்சம். ஒரு பக்கம் போர்டிங் ஸ்கூல் பையன், வெள்ளை. இன்னொரு பக்கம் கூடலூர் எஸ்டேட்டிலிருந்து வந்த பெண், கறுப்பு. பிளஸ் டூ முடித்திருந்தாள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அப்பா எஸ்டேட்டில் தொழிலாளி, அன்று கூடவே வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் இடத்துக்குள் வந்தால் சர்ட்டிபிகேட் உண்டு. அது இருந்தால் கோயம்புத்தூரில் ஒரு காலேஜ் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஃபீஸ் இல்லாமல் சேர்த்துக்கொள்ளும். இதை மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் அவளே சொல்லியிருந்தாள். விண்ணப்பத்துக்கு வியாழக்கிழமை கடைசி. இந்த ஆட்டத்தை ஜெயித்தால் அவள் மூன்றாவது. தோற்றால் அந்தப் பையன்.

பலகையில் ஐந்தே காய். பையனுக்கு ராஜாவும், பக்கத்துப் பக்கத்துக் கோட்டில் இரண்டு சிப்பாய்களும். இரண்டும் ஆறாவது கட்டத்தில். இன்னும் இரண்டு அடி வைத்தால் ராணி. அவளுக்கு ராஜாவும் ஒரு யானையும். யானை பலகையின் அந்தக் கடைசியில் நின்றது. நகர்த்த வேண்டியது அவள்.

செஸ் ஆடுகிறவர்கள் எல்லோரும் படிக்கிற பாடம் இது. இப்படி ஜோடியாக ஆறாவது கட்டத்துக்கு வந்த சிப்பாய்களை யானை தனியாக நிறுத்த முடியாது. ஒன்றை அடிக்க வந்தால் ஒன்று முன்னேறும். அதை வெட்டினால் மற்றது ராணியாகிவிடும். எதிரி ராஜா கிட்டே இருந்தால்தான் தடுக்கலாம். அவள் ராஜா பலகையின் மறு ஓரத்தில்.

சார் கேட்டார். "என்னப்பா சொல்ற?"

நான் உட்காரக்கூட இல்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னேன்: "ஆறாவது கட்டத்துல அண்ணனும் தம்பியும் கைகோத்து வர்றாங்க சார். யானை ஓரமா ஒதுங்கி நின்னு கும்புடு போட வேண்டியதுதான்."

மண்டபமே சிரித்தது. பையனும் சிரித்தான். அவள் பலகையைப் பார்த்துக்கொண்டே, "கண்டிப்பாங்களாண்ணா?" என்றாள்.

"வேணும்னா யானைக்கு வெல்லம் வாங்கிக் குடு கண்ணு, வேற ஒண்ணும் பண்ண முடியாது."

மறுபடியும் சிரிப்பு. அவள் கையெழுத்துப் போட்டாள். அப்பாவும் மகளும் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.

கூட்டம் கலையவில்லை. என் மார்க்கெட் சேக்காளிகள், "இன்னொரு தடவ சொல்லுடா" என்றார்கள். அந்த யானையைக் கையில் எடுத்து, தும்பிக்கை ஆட்டுகிற மாதிரி ஆட்டி, "எங்க போவ, இங்க போவியா, அங்க போவியா" என்று ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக்கொண்டே போனேன். ஒரு சிப்பாயின் கோட்டில் வைத்தபோது கை நின்றுவிட்டது.

வெள்ளை ராஜா அதே கோட்டில், கீழே, சிப்பாய்க்கு நேர் பின்னால் நின்றான். யானை இரண்டு பேருக்கும் நடுவில் வந்தால் ராஜாவுக்குச் செக். சிப்பாய் முன்னேற முடியாது. முதலில் ராஜா நகர வேண்டும். அவன் நகர்ந்ததும் யானை மேலே போய் அந்தச் சிப்பாயை வெட்டும். மற்றது ஏழாவது கட்டத்துக்கு ஓடும். யானை அதன் பின்னால் போய் நிற்கும், அது ராணியானாலும் வெட்டிவிடும். பிறகு யானை மட்டும்தான். அவள் ஜெயித்த ஆட்டம்.

"என்னடா, யானைக்கு மதம் புடிச்சிருச்சா?" என்றான் ஒருத்தன். நான் சிரித்தேன். காய்களை எல்லாம் ஒரேயடியாய்ப் பெட்டிக்குள் தள்ளினேன்.

சார் பக்கத்து மேஜையில்தான் இருந்தார். சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லோரும் இன்னும் என் ஜோக்கைத்தான் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவளிடமே சொல்லிவிடலாம் என்றுதான்.

பஸ் கிளம்பவில்லை. ஜன்னலோரம் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அண்ணா, நல்லவேளை வந்தீங்க. எந்த மூவ்ல தோத்தேன்னு சொல்லுங்களேன். எங்கூர்ல கேக்க ஆளில்ல."

அவள் அப்பா எழுந்து, "தம்பி, நீங்க சொல்லுங்க, புள்ள கேட்டுக்கும்" என்றார்.

வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "யானைய முன்னாடியே சிப்பாய்ங்க பின்னால கொண்டு போயிருக்கணும் கண்ணு. பத்து மூவுக்கு முன்னாலயே ஆட்டம் போயிருச்சு."

"அப்படிங்களா" என்றாள். "ரொம்ப தேங்க்ஸ்ண்ணா."

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் போய்விட்டது.

திங்கள், செவ்வாய், புதன். மண்டியில் வாயைக் குறைத்துவிட்டேன். மாமா, "என்றா, பல்லு வலியா?" என்று கேட்டார். ஒவ்வொரு சாயந்திரமும் சாரின் வீட்டுத் தெரு முனை வரை போய்த் திரும்புவேன். வெள்ளிக்கிழமை காலையில்தான் கதவைத் தட்டினேன்.

நான் சொன்னதைக் கேட்டு, சார் பலகையை எடுத்து வைத்துப் பார்த்தார். இரண்டு தடவை செக் வைத்துப் பார்த்தார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா அந்தப் பையனக் கூப்பிட்டுப் பேசியிருப்பேன். நல்ல பையன், ஒத்துக்குவான். ரெண்டு பேருக்கும் மூணாவதுன்னு போட்டுக் குடுத்திருப்பேன்" என்றார். "நேத்தோட முடிஞ்சுதேப்பா."

ஆனாலும் அது அவள் ஜெயித்த ஆட்டம்தான் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு கூடலூர் போனேன். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருக்கிற லயத்தில் அவர்கள் வீட்டு வாசலில் உட்கார வைத்தார்கள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ராஜா எங்கே நின்றான், யானை எங்கே வந்திருக்க வேண்டும் என்று. அவள் பலகை எடுக்கவில்லை. மனசுக்குள்ளேயே பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது.

"எப்பண்ணா கண்டுபுடிச்சீங்க?"

"அன்னிக்குத்தான்."

"பஸ் ஸ்டாண்டுக்கு வர்றதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை நான். ஆனால் அங்கே முடியவில்லை.

"முன்னாடி."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவள் அப்பா டீ கிளாஸோடு வந்தார். அவருக்குச் செஸ் தெரியாது. என் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார்.

"என்ன தம்பி, காலேஜுக்குக் குடுக்கிற கடுதாசியா? நாளைக்கே போய்க் குடுத்துர்றேன். லீவு சொல்லிட்டுப் போறேன்."

தேதி முடிந்துவிட்டது என்று அவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.