கனகலட்சுமி விளம்பரத்தை ஓடவிட மறுத்த நாள்

மதுரை கோச்சடையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் கனகலட்சுமியின் அலுவலகம் இருந்தது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வந்தவர்கள் உட்கார நாலு நாற்காலி. சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் ஆறேழு வருஷம் வேலை பார்த்துவிட்டு, மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனதால் மதுரைக்குத் திரும்பியவள். இன்டர்நெட்டில் காசு கொடுத்து விளம்பரம் போடலாம் என்பதே அப்போது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அவளைத் தேடி வந்தார்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளிடம் பொறுமை இழந்தார்கள். எந்த விளம்பரத்தையும் ஓடவிடும் முன், அவள் வழக்கமாகப் பார்க்கும் பத்துப் பன்னிரண்டு விஷயங்களையும் பார்த்து முடிக்காமல் மவுஸைத் தொடமாட்டாள்.

அது 2008. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத வருஷம். அவனியாபுரத்தில் பட்டறை வைத்து இன்வெர்ட்டர் செய்து விற்றுக்கொண்டிருந்த யூனுஸ், அன்று காலையிலேயே மாடியேறி வந்துவிட்டார். மின்வெட்டு நேரத்தைக் கூட்டப்போவதாகப் பேப்பரில் செய்தி வந்திருந்தது.

"தங்கச்சி, இன்னிக்கே ஆன் பண்ணிரு. ஊரே இன்வெர்ட்டர் தேடி அலையுது."

"எல்லாம் ஏத்தி நிறுத்தி வச்சிருக்கேன் பாய். ஒரு தடவை சரிபார்த்துட்டு விட்டுருவோம்."

யூனுஸ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் செலவு என்று போட்ட தொகையில் சைபர் கூடுதலாக விழவில்லை. எந்த ஊர்க்காரர்களுக்குக் காட்டுவது என்ற இடத்தில் இந்தியா முழுக்க என்று இருந்தது. அதை மாற்றி மதுரையைச் சுற்றி மட்டும் என்று வைத்தாள்.

"டெல்லிக்காரன் பார்த்தா நல்லதுதானே?" என்றார் யூனுஸ்.

"அவன் கிளிக் பண்ணினாலும் உங்க காசுதான் போகும். டெல்லிக்குப் போய் மாட்டிக் குடுப்பீங்களா?"

கனகலட்சுமி அடுத்ததற்குப் போனாள். இன்டர்நெட்டில் எந்தச் சொற்களைத் தேடினால் விளம்பரம் வரவேண்டும், எவற்றுக்கு வரவே கூடாது என்று பார்த்தாள். இன்வெர்ட்டர் ஏசி வேண்டாம். புராஜெக்ட்டுக்குச் சர்க்யூட் படம் தேடும் காலேஜ் பையன்கள் வேண்டாம். ரிப்பேர் வேண்டாம். அதற்குள் யூனுஸ் மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

அடுத்து வெப்சைட். விளம்பரத்தை அமுக்கினால் சரியான பக்கம் திறக்கிறதா என்று பார்த்தாள். திறந்தது. பக்கத்தின் கீழே விவரம் கேட்கும் படிவம் இருந்தது. கனகலட்சுமி அதில் சோதனை என்று எழுதுகிறவள் அல்ல. வாடிக்கையாளர் எப்படி நிரப்புவாரோ அப்படியே நிரப்புவாள். தன் பெயர், கோச்சடை, மூன்று ரூம் வீடு, தன் செல் நம்பர். அனுப்பினாள். நன்றி சொல்லும் பக்கம் வந்தது. எத்தனை பேர் விவரம் கேட்டார்கள் என்று எண்ணுவதற்கு அவள் கொடுத்திருந்த நிரல் வரியும் அந்தப் பக்கத்தில் இருந்தது.

"மெயிலைத் திறங்க பாய். இப்ப உங்களுக்கு வந்திருக்கணும்."

இன்னொரு கம்ப்யூட்டரில் யூனுஸ் மெயிலைத் திறந்தார். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்கள். வேண்டாத மெயில் விழும் பெட்டியிலும் பார்த்தார்கள். இல்லை.

"மெதுவா வரும். நீ ஆன் பண்ணு."

"வரட்டும், ஆன் பண்றேன்."

"நான் காசு கட்டினவன் சொல்றேன்ல!" யூனுஸின் குரல் உயர்ந்தது.

அவள் பதில் சொல்வதற்குள் மேஜைமேல் கிடந்த அவளுடைய செல்போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தாள்.

"வணக்கம் மேடம். கோச்சடை வீட்டுக்கு இன்வெர்ட்டர் கேட்டிருந்தீங்கள்ல? திருமங்கலத்துல இருந்து பேசுறேன். நம்மகிட்ட நல்ல ரேட்டுல இருக்கு."

கனகலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் படிவத்தை அவள் அனுப்பியது தெரிந்தவர்கள் இந்த அறையில் இருந்த இருவர்தான். ஸ்பீக்கரை அமுக்கினாள். "உங்க பேரு?"

"மின்ஹாஜ் மேடம்."

யூனுஸ் நாற்காலியை விட்டு எழுந்தார். மின்ஹாஜ் அவர் மனைவி ஆயிஷா சித்திகாவின் தம்பி. பட்டறையில் இன்வெர்ட்டர் மாட்டும் ஃபிட்டர்களை மேய்த்துக்கொண்டிருந்தவன், வெப்சைட்டைப் போட்டுக் கொடுத்தவனும் அவனே. மூன்று மாதத்துக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு திருமங்கலத்தில் தனிக்கடை வைத்துவிட்டான். படிவத்தில் வருவதெல்லாம் போய்ச் சேர அவன் அன்று கொடுத்திருந்தது தன்னுடைய மெயிலை. யாரும் அதை மாற்றவில்லை.

"மாப்ள," என்றார் யூனுஸ், போனைப் பார்த்து.

மின்ஹாஜுக்குக் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது.

"மச்சான்..."

"என் கடைப் பேரைப் பார்த்துக் கேக்குறவங்களை நீ எம்புட்டு நாளாடா கூப்பிட்டுக்கிட்டு இருக்க?"

"ஏழெட்டுப் பேர்தான் வந்தாங்க மச்சான். நீங்க ஒரு நாளாவது அந்த மெயிலைக் கேட்டீங்களா? பதினோரு வருஷம் உழைச்சவன் போறேன்னு நின்னப்ப, போடான்னுதானே சொன்னீங்க?"

யூனுஸ் போனைப் பிடுங்கி அணைத்தார். "ஆன் பண்ணு தங்கச்சி. திருமங்கலத்துக்கு ரெட்டிப்பாப் போடு. அவன் கடைவாசல்ல என் பேரு தெரியணும்."

கனகலட்சுமிக்கும் பயமாகத்தான் இருந்தது. கத்துகிற ஆண்களுக்கு முன்னால் குரல் கம்மிவிடும் பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. தண்ணீர் குடித்தாள். அந்தப் படிவம் போய்ச் சேரும் மெயிலை மாற்றினாள். மறுபடி நிரப்பி அனுப்பினாள். இந்த முறை யூனுஸின் மெயிலில் வந்து விழுந்தது.

"ஆச்சுல்ல? அமுக்கு!"

"இன்னும் ஒண்ணு இருக்கு பாய். விளம்பரத்துல 'இன்று கேட்டால் இன்றே மாட்டித் தருவோம்'னு போட்டிருக்கோம். மாட்ட ஆள் எத்தனை பேரு?"

யூனுஸ் கைக்குட்டையை எடுத்து மறுபடி கழுத்தைத் துடைத்தார்.

"பாய்?"

"முத்திருளன் ஒருத்தன்தான். மத்த ரெண்டு பேரும் மின்ஹாஜ்கூடத் திருமங்கலம் போயிட்டானுங்க."

"அப்ப இதை ஓடவிட மாட்டேன். இருபது பேரு கூப்பிட்டு, பதினெட்டுப் பேரு ஏமாந்தா, உங்க பேருதான் போகும். வேணும்னா வேற யாரையாவது வச்சு ஓட்டிக்கங்க. காசைத் திருப்பித் தாரேன்."

அவர் படாரென்று கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கினார். அந்த நேரத்தில் கரண்ட்டும் போயிற்று. இருட்டிய திரைக்கு முன்னால் கனகலட்சுமி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மாதா மாதம் வேலை தந்திருக்கக்கூடிய நல்ல பார்ட்டி கைவிட்டுப் போனார். அதோடு, குடும்பத்துக்குள் ஒரு நெருப்பைத் தானே ஊதிவிட்டோமோ என்றும் உறுத்தியது.

மறுநாள் மத்தியானம் வந்தது யூனுஸ் அல்ல, ஆயிஷா சித்திகா. தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மின்ஹாஜ் தலையைத் தூக்கவே இல்லை. கொஞ்சம் பின்னால் யூனுஸ் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"ராத்திரி முழுக்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தாம்மா கெடந்தேன்," என்றாள் ஆயிஷா. "இவரு கடைக்கு வந்தவங்களை இவன் இழுத்தது தப்பு. இவரு கணக்கில்லாம வேலை வாங்கினதும் தப்பு. கடை தனித்தனியாவே இருக்கட்டும். திருமங்கலம் பக்கம் வர்ற வேலையை இவன் ஆளுங்க மாட்டிக் குடுப்பாங்க. கூலி வாங்கிக்குவான். சரியான்னு கேளு, ரெண்டு பேருகிட்டயும்."

"சரி," என்றான் மின்ஹாஜ்.

யூனுஸ் ஜன்னலைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

"அப்பவும் இன்றே மாட்ட முடியாது," என்றாள் கனகலட்சுமி. "ரெண்டு நாள்ல முடியுமா?"

மச்சானும் மாப்பிள்ளையும் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "முடியும்," என்றான் மின்ஹாஜ். யூனுஸ் மறுக்கவில்லை.

அவள் விளம்பரத்திலும் வெப்சைட்டிலும் வரியை மாற்றினாள். இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று படித்துப் பார்த்தாள். பட்டறைப் போனுக்கு அடித்தாள். முத்திருளன் எடுத்துக் கடைப் பேரைச் சரியாகச் சொன்னான். அதன்பிறகுதான் நிறுத்தி வைத்திருந்த விளம்பரத்தை ஓடவிட்டாள்.

நாலு பேரும் காத்திருந்தார்கள். கரண்ட் போய், கீழே மருந்துக்கடை ஜெனரேட்டர் கிளம்பியது. யூனுஸின் போன் அடித்தபோது ஆயிஷா திடுக்கிட்டாள். பட்டறையிலிருந்து முத்திருளன். பேசி முடித்த யூனுஸ், போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மின்ஹாஜ் பக்கம் திரும்பினார்.

"கப்பலூர் ரோட்டுல ஒரு வீடு. உன் பக்கந்தான். நாளைக்குக் காலைல உன் ஆளை அனுப்பு."

"நானே போறேன் மச்சான்," என்றான் அவன்.