பத்திக்குள் ஒளித்த வரி

இலங்கை மலையகத்தில், றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் நான் பயிற்சி பெறாத வாத்தியாராக இருந்தேன். ஆசிரியர் கலாசாலையில் இடம் கிடைத்தால்தான் அந்தப் பட்டம் என்னை விட்டுத் தொலையும். விண்ணப்பத்தோடு 'எங்கள் பாடசாலை' என்று கைப்பட ஒரு கட்டுரை வைக்க வேண்டும். பாடசாலைக்கும் முகாமையாளர், தோட்டத்தை நடத்தும் துரைதான். தமிழ் வாசிக்கத் தெரியாத அவருக்குத் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் படித்துச் சொல்ல வேண்டும், பிறகு அவர் கையெழுத்து வைக்க வேண்டும்.

நான் எழுதிய கட்டுரை மூன்று பக்கத்துக்கு ஒரே பத்தியாக இருந்தது. அது தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பழக்கம். ஆபீஸ் ஜன்னலில் துரையைக் காண வாய்ப்புக் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தால், ஒழுகும் கூரை, வராத மருந்து, மகளின் கல்யாணம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட வேண்டும். அடுத்த மூச்சுக்குள் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். என் பேனாவும் அப்படித்தான் ஓடியது. பெரிய கிளாக்கரும் அதை ஒரு தடவை மேலோட்டமாகப் புரட்டிப் பார்த்திருந்தார்.

பாடசாலையில் என்னோடு படிப்பித்த டீச்சர் அதைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். கலாசாலை முடித்து வந்தவர், வாய் கொஞ்சம் நீளம்.

"மாஸ்டர், இதுல என்ன சொல்ல வர்றீங்க?"

"பாடசாலையப் பத்தித்தான், டீச்சர்."

"ஒரே அறையில அஞ்சு வகுப்புன்னு ஆரம்பிக்கிறீங்க. அடுத்த வரியில ஒங்க அம்மாவ அட்டை கடிக்குது. அதுக்கடுத்த வரியில மழை. ஒண்ணுக்கொண்ணு என்ன சம்பந்தம்?"

எனக்குக் கோபம் வந்தது. அட்டை கடித்தது உண்மைதானே! உண்மையாக இருந்தால் போதாது, அந்தப் பத்திக்கு உரியதாகவும் இருக்க வேண்டும் என்றார் அவர். ஒரு பத்திக்கு ஒரு கருத்து. அதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு வரியாக நிறுத்தி, 'நீ இந்த முதல் வரிக்கு என்ன செய்கிறாய்?' என்று கேட்க வேண்டும். பதில் இல்லாத வரியை அதற்குரிய பத்திக்கு அனுப்ப வேண்டும். உரிய பத்தியே இல்லையென்றால் அடித்துவிட வேண்டும்.

'பாடசாலை மிகவும் முக்கியமானது' என்று ஒரு முதல் வரி போட்டேன். "இதுக்குக் கீழ எதை வேணும்னாலும் எழுதலாம், அதனால இது ஒண்ணுக்கும் ஆகாது" என்று அடித்துவிட்டார். 'எங்கள் பாடசாலையில் ஐந்து வகுப்புகளுக்கும் ஒரே அறை' என்று மாற்றினேன். ஒரு வகுப்பு வாசிக்கும்போது மற்றது வாய்ப்பாடு சொல்லும் இரைச்சல் அதன் கீழே தானாக வந்து உட்கார்ந்தது. மழை, ஒழுகும் கூரையைப் பற்றிய பத்திக்குப் போனது. அம்மாவின் அட்டைக்கு எங்கும் இடமில்லை, மனசில்லாமல் அடித்தேன்.

இப்படிப் பிரித்துக்கொண்டு போனபோது மூன்று வரிகள் மூன்று மூலைகளில் கிடந்தன. பிள்ளைகளின் வரவு குறைவு. வேலைக்கு ஆள் பிரிக்கும் கங்காணி வந்து பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். சிறுவர்களின் விரலில் கொழுந்துக் கறை. சேர்த்துப் பார்த்ததும் முதல் வரி தானே வந்தது: 'கொழுந்து கூடும் மாதங்களில் எங்கள் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்புகிறார்கள்.' டீச்சர் அந்தப் பத்தியில் கை வைக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

கட்டுரையை ஆபீசுக்குக் கொண்டு போனேன். பெரிய கிளாக்கர் தாள்களைப் புரட்டினார். பத்திகளின் முதல் வரிகளில் மட்டும்தான் அவர் கண் போனது. நான்காவதாக இருந்த அந்தக் கொழுந்துப் பத்தியில் நின்றது.

"வாத்தியாரே, இத தொரைக்குப் படிச்சுக் காட்டவா?"

அவர் தாளை மேசைமேல் வைத்தார்.

"போன மாசம் கலந்து கட்டி ஒண்ணு எழுதி வச்சிருந்தீங்களே, அதுலயும் இதெல்லாம் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"எனக்குக் கண்ணுல படலையே. அந்த மாதிரியே எழுதிட்டு வாங்க. கையெழுத்து வாங்கித் தர்றேன்."

அன்று மாலை உட்கார்ந்து, கட்டியதை என் கையாலேயே பிரித்தேன். நான்காவது பத்தியின் முதல் வரியை எடுத்து மழைக்கும் வாய்ப்பாட்டுக்கும் நடுவில் செருகி, 'சில வேளைகளில் வரவு குறைவதுமுண்டு' என்று தேய்த்தேன். கங்காணியை அடித்தேன். கொழுந்துக் கறையையும் அடித்தேன். பத்திக்குப் பத்தி 'மிகவும் முக்கியமானது' என்று தலை வைத்தேன். ஒரு பத்தி எப்படிக் குலைகிறது என்பது அதற்குள் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அதனால் வேலை சுலபமாகவே முடிந்தது.

கையெழுத்து விழுந்த பிரதியை டீச்சரிடம் காட்டினேன். நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

"இந்தப் பத்தி என்ன சொல்லுது, மாஸ்டர்?"

"ஒண்ணும் சொல்லல, டீச்சர். அதான் கையெழுத்துப் போட்டாங்க."

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குள் போனார். கொழுந்து கூடிய மாதம் அது. ஐந்து வகுப்புக்கும் சேர்த்துப் பதினொரு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கலாசாலையில் இடம் கிடைத்தது.