குமுதா சுட்டிய வரி

கேமரன் மலைக்கு மாற்றலாகி வந்த ஆறு வருடங்களில் பிரேமலா பார்த்த பில்களுக்குக் கணக்கில்லை. அரசுப் பொறியியல் அலுவலகத்தில் அவள் தொழில்நுட்ப உதவியாளர். கணவர் ஈப்போவில் ஆசிரியர். வாரக் கடைசியில்தான் வீட்டுக்குப் போவாள். மற்ற நாள்களில் பிரிஞ்சாங்கில் ஒற்றை அறை வாடகை.

கட்டுமான வேலையை எடுத்துச் செய்யும் குத்தகைக்காரர் வேலை நடக்க நடக்கக் கொடுக்கும் பில்லை, ஒப்பந்தத்தோடு சேர்ந்த அளவுப் பட்டியலோடு ஒப்பிடுவதுதான் அவள் வேலை. அந்தப் பட்டியலைப் பிகியூ என்பார்கள். அதிலிருந்து ஒவ்வொரு வேலையின் எண், விவரம், அலகு, அளவு, விலை எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, பக்கத்திலேயே பில்லில் உள்ளதையும் போடுவாள். விவரத்தைச் சுருக்க மாட்டாள். ஒரு சொல் விட்டுப்போனால் விலையே மாறிவிடும்.

அந்தப் புதன்கிழமை வந்தது குத்தகைக்காரர் வீரப்பனின் மூன்றாவது பில். கோலா தெர்லா பக்கம், தேயிலைத் தோட்டத்துப் பாலர் பள்ளிக்குப் பின்னால் தடுப்புச் சுவர் கட்டுகிற வேலை. முதல் இரண்டு பில்களிலும் பிழையே இல்லை. இதில் இரண்டு இடங்கள் இடித்தன.

குழி தோண்டுதல், ஒன்றரை மீட்டர் ஆழம் வரை: பட்டியலில் 84 கன மீட்டர், பில்லில் 112. கம்பி: போன பில்லில் 620 கிலோ. இந்த முறை செய்தது என்ற கட்டத்தில் 1,480. ஆனால் வேலைத் தளத்தில் இதுவரை கட்டி முடித்த கம்பியே மொத்தம் 1,480 கிலோதான்.

பொறியாளர் சிவனேஸ்வரன் எட்டிப் பார்த்தார். "ரெண்டு எடத்துல ஏத்திட்டாரு. 84-க்கு வெட்டுங்க. வார்னிங் லெட்டர் அடிச்சிடலாம்."

"ஒரு நாள் குடுங்க சார். அவரு அப்படிப்பட்டவரு இல்ல."

பிரேமலா பட்டியலின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். முதல் வரி: 'மேற்படி; ஒன்றரை மீட்டருக்கு மேல், மூன்று மீட்டருக்குள்.' 28 கன மீட்டர். விலை, முந்தைய வரியைப் போல் கன மீட்டருக்குப் பதினெட்டு வெள்ளி இல்லை, இருபத்தேழு. தளத்தில் இரு தரப்பும் சேர்ந்து எடுத்த அளவுத்தாளைப் பார்த்தாள். குழியின் பரப்பு 56 சதுர மீட்டர், ஆழம் இரண்டு மீட்டர். மேல் ஒன்றரை மீட்டருக்கு 84, கீழ் அரை மீட்டருக்கு 28. கூட்டினால் 112. அவர் ஏற்றவில்லை. பக்கம் திருப்பாமல் எல்லாவற்றையும் குறைந்த விலையில் போட்டு, 252 வெள்ளியை விட்டிருந்தார்.

மறுநாள் காலையில் அவள் தளத்துக்கே போனாள். லோரியின் முன்சீட்டில் வீரப்பனின் மனைவி கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

"குமுதா, மிஸ்," என்றார் வீரப்பன். "ரெண்டு மாசம் முன்ன ஸ்ட்ரோக். வலது கை வரல, பேச்சும் போச்சு. வீட்ல தனியா விட முடியல லா. பில்லெல்லாம் இவதான் எழுதுவா. இது நானே எழுதுனது."

பிரேமலாவுக்கு எல்லாம் விளங்கியது. குழிக் கணக்கை முதலில் சொன்னாள். வீரப்பன் முகம் மலர்ந்தது. கம்பிக் கணக்குக்கு வந்ததும், தாள்களைக் குமுதாவின் மடியில் விரித்தாள்.

"அக்கா, நீங்க ஒரு தடவ பாருங்க."

குமுதா வெகுநேரம் பார்த்தாள். இடது கை விரல் மெல்ல இறங்கி, கம்பி வரியில் நின்றது. 1,480-இல் இருந்து இடப்பக்கம் நகர்ந்து, 620-ஐத் தொட்டது. உதடு கோணியது.

"போ... போன... பில்லு."

வீரப்பன் திரும்பினார். தாளை அல்ல, அவளைப் பார்த்தார். இரண்டு மாதத்தில் அவள் சொன்ன முதல் முழுச் சொல் அதுதான்.

"என்னம்மா சொன்ன? இன்னொரு தடவ சொல்லு."

"போன பில்லு," என்றாள் குமுதா, இந்த முறை கோபமாகவே.

மொத்தத்தை இந்த முறைக் கட்டத்தில் எழுதிவிட்டார் என்பதைப் பிரேமலா எடுத்துச் சொன்னாள். 1,480-இல் 620 போனால் 860. கிலோ ஆறு வெள்ளிப்படி 3,720 குறையும். குழியில் கூடுவதைக் கழித்தாலும் 3,468 வெள்ளி இறங்கும்.

வீரப்பன் தாளை எடுத்துப் பார்த்தார். "ரெண்டு தடவ காசு கேட்டுட்டேனா? நான் ஏமாத்தல மிஸ்."

"தெரியும்ணே. அதுக்குத்தான் வந்தேன். திருத்தி எழுதுங்க, நான் காத்திருக்கேன்."

லோரியின் முகப்பில் தாளை வைத்து அவர் எழுதினார். ஒவ்வொரு வரி முடிந்ததும் கண்ணாடி வழியே தூக்கிக் காட்டினார். குமுதா தலையாட்டினால் அடுத்த வரி. ஆட்டாவிட்டால் அழித்து எழுதினார். இடையில் மழை தூறியது. பிரேமலா குடை பிடித்தாள்.

மதியம் சிவனேஸ்வரன் பட்டியலையும் திருத்திய பில்லையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "இருபத்தேழு வெள்ளி வரிய நானும் பாக்கலயே," என்றார். பில்லில் கையெழுத்துப் போட்டார். வார்னிங் லெட்டர் பேச்சு அதோடு நின்றது.

நான்காவது பில் மூன்று மாதம் கழித்து வந்தது. அளவுகள் வீரப்பனின் கையெழுத்தில் இருந்தன. விவரங்கள் மட்டும் கோணல்மாணலாக, பெரிய பெரிய எழுத்தில், இடது கையால் எழுதியவை. பிரேமலா அவற்றை ஒரு சொல் விடாமல் கணினியில் ஏற்றினாள்.